ஜண்டை வரிசையில் நின்றுபோன வயலின்

நாற்பது வயதுக்கு மேல் வயலின் கற்றுக்கொள்ளச் சேர்பவர்களுக்கு ஊரே சேர்ந்து தரும் அறிவுரை ஒன்று உண்டு. "தினமும் அரை மணி நேரம் விடாம வாசிங்க, தானா வரும்." முதல் சில மாதங்களுக்கு அது உண்மைதான், தானாகவே வந்தது. அப்புறம் தானாக வருவது நின்றுபோனது. அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகியும் வாசிப்பு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பெட்டியைத் திறக்கவே கை போகாத நாள்கள் வந்தபோது அதே ஆட்கள், "ஆர்வம் குறைஞ்சிருச்சு போல" என்றார்கள். இந்தப் பேச்சோடு எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை. முதலில் நின்றது வாசிப்பு, ஆர்வம் அதற்குப் பின்னால்தான் போனது. வரிசையை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிவிடுகிறது. ஆர்வத்தை ஏற்ற ஆளாளுக்கு ஏதாவது பேசுவார்கள். வாசிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க யாரும் குனிவதில்லை.

நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில். டீச்சர் வீடு திருவொற்றியூரில், கோயிலுக்குப் பக்கத்தில். தியாகராஜர் வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிவிட்டுப் போன ஊர் என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். வட சென்னை என்றாலே கானாவும் கேரம் போர்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில் அது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்கினால் நடக்கும் தூரம். வயலின் பெட்டியோடு போகும் என்னைப் பார்த்து, "பொண்ணுக்கு கிளாஸா சார்?" என்று கேட்காத ஆளில்லை.

முதல் மாதங்கள் ஏன் அவ்வளவு இனித்தன என்று யோசித்துப் பார்த்தால், அப்போது கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம் எல்லாம் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வதாகவே இருந்தது. வில்லைத் தந்தியில் வைத்ததும் வந்த கறகற சத்தம் கொஞ்ச நாளில் குறைந்தது. கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையில் ஒவ்வொன்றாக ஏற ஏற நோட்டுப் புத்தகத்தில் பக்கம் புரண்டது. புரந்தரதாசர் பெயரால் வழங்கும் இந்தப் பாட வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. வயலின்காரனுக்கு அதில் ஒரு சலுகை இருக்கிறது. ஸ திறந்த தந்தி, ரி முதல் விரல், க இரண்டாம் விரல், ம மூன்றாம் விரல். அடுத்த தந்திக்குப் போனால் ப திறந்த தந்தி, த முதல் விரல், நி இரண்டாவது, மேல் ஸ மூன்றாவது. இரண்டு தந்தியிலும் விரல் விழும் இடம் ஒன்றேதான். ஒரு தந்திக்குக் கை பழகினால் மற்றதற்கும் பழகிய மாதிரி. அதனால் புதிதாகக் கற்பவனுக்கு வேகமாக ஏறுகிறோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

அடுத்து வரும் ஜண்டை வரிசையில் அந்தச் சலுகை முடிகிறது. ஸஸ ரிரி கக மம என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும். இரண்டாவதில் ஓர் அழுத்தம் வேண்டும். ஒரே பாடத்தை மூன்று வேகத்தில் வாசிக்க வேண்டும், ஒவ்வொரு வேகத்தையும் காலம் என்பார்கள். முதல் காலம் சமாளித்துவிடலாம். இரண்டாம் காலம் தள்ளாடும். மூன்றாம் காலம் என்பது யாரோ வேறு ஆள் வாசிக்க வேண்டிய பாடம் போலத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் பக்கம் புரளாது. பல வாரங்கள் ஒரே பாடம். டீச்சர் தலையாட்டிவிட்டு, "இன்னொரு வாரம் இதையே பாருங்க தம்பி" என்பார். கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வேலை அதிகம், தங்கைக்குக் கல்யாணம், வண்டி ரிப்பேர் என்று கழன்றுகொண்டார்கள்.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. கை மெதுவாகத்தான் பழகும், காது சீக்கிரம் பழகிவிடும். அதுவும் நாற்பது வருடம் ரேடியோவிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் நல்ல வாசிப்பைக் கேட்டு வளர்ந்த காது. சேர்ந்த புதிதில் அதற்கு நம் வயலினில் என்ன கேட்பது என்றே தெரியாமல் இருந்தது. சில மாதத்தில் தெரிந்துவிடுகிறது. நேற்றுவரை சரியாக ஒலித்தது இன்று அபஸ்வரமாக ஒலிக்கிறது. போன மாதத்தைவிட மோசமாக வாசிக்கிறோம் என்று தோன்றுகிறது. உண்மையில் மோசமாகிவிட்டதா, காது முன்னே போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஆரம்பத்தில் போனில் பதிவுசெய்த வாசிப்பு ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அன்று பெருமையாக வாட்ஸப்பில் அனுப்பிய அந்தப் பதிவை இன்று முழுதாகக் கேட்க முடியவில்லை என்றால், கீழே போனது வாசிப்பு அல்ல. இது கொஞ்சம் ஆறுதல் தரும். ஆனால் ஆறுதலை வைத்துக்கொண்டு இரண்டாம் காலம் வாசிக்க முடியாது.

பப-வுக்கும் மம-வுக்கும் நடுவில்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பையன் இருக்கிறான். கானா கச்சேரிக்கு டோலக் வாசிப்பவன். கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு எதுவானாலும் போவான். நான் வாசிப்பது சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. தெரு முழுக்க சீரியல் ஓடும் நேரம் என்பதால் யாருக்கும் தொந்தரவு தெரியாது என்று நான் தேர்ந்தெடுத்த நேரம் அது. அவனுக்கு மட்டும் எல்லாம் கேட்டிருக்கிறது. ஒருநாள் மாடிப்படியில் பிடித்துக்கொண்டான். "ண்ணா, ஏறி போறப்ப சரியா போறீங்க. எறங்கி வர்றப்ப ஒரு எடத்துல தாளம் ஒட்ட மாட்டேங்குது. தினிக்கும் அதே எடம்." சொன்னதோடு நிற்காமல் படிக்கட்டுக் கைப்பிடியில் என் வாசிப்பை அப்படியே தட்டிக் காட்டினான். ஸஸ நிநி தத பப வரைக்கும் ஒரே சீராகத் தட்டினான். அங்கே ஒரு சின்ன இழுவை. அப்புறம் அந்த இழுவையை ஈடுகட்ட அவசர அவசரமாக மம கக ரிரி ஸஸ.

ஸ்வரத்தின் பெயர் எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் 'தடுமாற்றம்' என்று மொத்தமாகத் தெரிந்ததை அவன் ஒரு புள்ளியாகக் காட்டிவிட்டான். 'ஜண்டை வரிசை வரவில்லை' என்று சொல்லிக்கொண்டு தினமும் அதைத் தலையிலிருந்து வால் வரைக்கும் வாசிக்கிறவனுக்கு, வராதது பதினாறு ஜோடியில் ஒரே ஒரு தாண்டல்தான் என்பது தெரியவே தெரியாது. வருகிற பதினைந்தை நன்றாக வாசித்துப் பழகுகிறோம், வராத ஒன்றை ஒவ்வொரு சுற்றிலும் தப்பாக வாசித்துப் பழகுகிறோம். ஒரு மணி நேரம் வாசித்தால் ஒரு மணி நேரத் தப்பும் கையில் ஊறிவிடுகிறது.

அந்த இடத்தில் நடப்பது என்ன? ப என்பது திறந்த தந்தி. அதை வாசிக்க இடது கைக்கு வேலையில்லை. வேலையில்லை என்றதும் விரல்கள் மூன்றும் மேலே எழும்பிவிடும். அடுத்து வரும் ம பக்கத்துத் தந்தியில், மூன்றாம் விரலில். ஆக ஒரே நொடியில் வில் தந்தி மாற வேண்டும், மேலே போன விரல் சரியான இடத்தில் இறங்கவும் வேண்டும். முதல் காலத்தில் இதற்கு நேரம் இருக்கிறது, இரண்டாம் காலத்தில் இல்லை. ஏறும்போது இந்தச் சிக்கல் வராது. மம முடிந்து பப போகும்போது விரலை எடுப்பதுதான் வேலை, வைப்பது அல்ல. பையன் 'எறங்கி வர்றப்ப' என்று சொன்னதன் காரணம் இதுதான்.

குற்றம் வில்லிலா விரலிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். விரலே வைக்காமல் திறந்த தந்திகளில் மட்டும் பப ஸஸ, பப ஸஸ என்று அதே தாளத்தில் வாசித்துப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு போனால் வில் கை சரி. அப்புறம் வில்லைக் கீழே வைத்துவிட்டு, தாளம் போட்டுக்கொண்டு, விரலை மட்டும் விரல் பலகையில் வைத்து எடுத்துப் பாருங்கள். எனக்கு வில் சரியாகவே போனது. விரல்தான் ஒவ்வொரு தடவையும் தாளத்துக்குப் பின்னால் இறங்கியது.

டீச்சரிடம் சொன்னேன். "பப வாசிக்கிறப்பவே அந்தப் பக்கம் போய் உட்காந்துக்கணும் தம்பி. அழைச்சப்புறம் கிளம்பக் கூடாது" என்றார். அதாவது வில் இன்னும் ப தந்தியில் இருக்கும்போதே, சத்தமில்லாமல், ஒன்று இரண்டு மூன்று விரல்களையும் ஸ தந்தியில் ரி க ம இடங்களில் வைத்துவிட வேண்டும். வில் வந்து சேரும்போது விரல் ஏற்கெனவே அங்கே இருக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது அடுத்த சிக்கல் வரும்: வைத்த விரல்களின் சதை பக்கத்து ப தந்தியில் உரசி, ப மூக்கடைத்த மாதிரி ஒலிக்கும். அப்படி ஒலித்தால் விரல் படுத்திருக்கிறது என்று அர்த்தம். கணுவை வளைத்து நுனியை நிறுத்தி வைத்தால் ப திறந்து ஒலிக்கும். பெரியவர்கள் விரல் தடிமனாக இருப்பதால் இதற்குச் சில நாள் பிடிக்கும். நகம் வளர்ந்திருந்தால் நடக்கவே நடக்காது.

அதனால் ஜண்டை வரிசை முழுவதையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு, தத பப மம கக என்ற நான்கு ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பப-வில் நின்று, விரல் உட்கார்ந்ததா என்று பார்த்து, அப்புறம் வில்லை நகர்த்துவது. பத்து நிமிடத்துக்கு மேல் இதைச் செய்ய முடியாது, பொறுமை போய்விடும். பத்து நிமிடம் போதும்.

அறுபதுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில்

நம் பாட முறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பெரியவர்கள் யாரும் பள்ளம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் எட்டு வயதில் தாண்டியவர்களுக்கு அது நினைவில் இருக்காது. முதல் காலத்தில் தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. அதாவது வேகம் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகிறது. நிமிடத்துக்கு இத்தனை என்று சீராகத் தட்டும் மெட்ரோனோமில் 60 வைத்துக்கொண்டால் முதல் காலத்தில் நிமிடத்துக்கு 60 ஸ்வரம், இரண்டாம் காலத்தில் 120, மூன்றாம் காலத்தில் 240. 120-இல் சுத்தமாக வாசிப்பவன் மறுநாள் 240 வாசிக்க வேண்டும் என்றால் முடியாது. முடியாததை முயன்று, கை இறுகி, சத்தம் கீச்சிட்டு, 'நமக்கு இவ்வளவுதான்' என்று முடிவுக்கு வருவான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் படிக்கட்டே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

படிக்கட்டு கட்ட வேண்டுமென்றால் தாளத்தின் வேகத்தை மாற்ற வேண்டும், காலத்தை அல்ல. இரண்டாம் காலத்தை 60-இல் தொடங்கி 64, 68, 72 என்று நான்கு நான்காக ஏற்றுங்கள். 80 வந்தால் நிமிடத்துக்கு 160 ஸ்வரம் வாசிக்கிறீர்கள். இப்போது மெட்ரோனோமை 40-க்கு இறக்கி மூன்றாம் காலம் வாசியுங்கள். அதுவும் 160 ஸ்வரம்தான். கைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, தாளம் போடும் மனசுக்கு மட்டும்தான் வித்தியாசம். மலையாகத் தெரிந்த மூன்றாம் காலம் மெதுவாக வாசிக்கக்கூடிய ஒன்றாக அங்கே கையில் கிடைக்கிறது. அப்புறம் 40-லிருந்து 44, 48 என்று ஏறலாம்.

எப்போது ஏற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: அந்தத் துண்டு மூன்று தடவை தொடர்ந்து, இழுவையும் கீச்சும் இல்லாமல் வந்தால் நான்கு ஏற்றலாம். உடைந்தால் எட்டு இறக்க வேண்டும். உடைந்த வேகத்திலேயே நின்று முட்டிக்கொண்டிருந்தால் உடைவதுதான் பழகும். வேலைநாள் மாலையில் வரும் எண்ணும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. இரண்டு நாள் வாசிக்காமல் விட்டால் எண் இறங்கும். ஆனால் முதல் தடவை ஏற எடுத்த அத்தனை நாள்கள் மறுபடி ஏறத் தேவைப்படாது, சீக்கிரம் திரும்பி வந்துவிடும். இதைப் பார்த்த பிறகு ஒருநாள் விட்டுப்போனதற்காக ஒரு வாரம் பெட்டியைத் திறக்காமல் இருக்கும் வழக்கம் என்னைவிட்டுப் போனது.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் என் கணக்குப் புத்தகம். அதில் எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று எழுதுவதில்லை. எந்த இடம், என்ன எண், அவ்வளவுதான். 'தத பப மம கக – 68.' மறுநாள் 'அதே – 72.' எட்டு மணி நேரம் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆபீஸில் பில் ஆஃப் என்ட்ரி தட்டிவிட்டு வருகிறவனுக்கு 68 நேற்று, 72 இன்று என்பது போதுமான சந்தோஷம். "எனக்குத் திறமை இருக்கிறதா?" என்ற கேள்விக்கு இரவு எட்டு மணிக்குப் பதில் தேடினால் தூக்கம் கெடும். "இன்றைக்கு 72 வருமா?" என்ற கேள்விக்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

டீச்சருக்கு மெட்ரோனோம் பிடிக்காது. "அதுக்கு மூச்சு கிடையாது தம்பி" என்பார். அவர் சொல்வதும் சரி. கிளாஸில் அவர் தொடையில் தட்டும் தாளத்துக்கு வாசிக்கும்போது வரும் சொகுசு அந்த டிக் டிக்கில் வராது. ஆனால் வீட்டில் எனக்குத் தாளம் போட அவர் வர மாட்டாரே.

பச்சை விளக்கு காந்தாரம்

வேகம் ஏறியது. ஆனாலும் வாசிப்பு இனிக்கவில்லை. எங்கோ ஒரு புளிப்பு. டீச்சர் கண்ணை மூடிக் கேட்பார், க வரும்போது மட்டும் புருவம் லேசாக நெளியும். எனக்கு அது நியாயமாகவே படவில்லை, ஏனென்றால் வீட்டில் போனில் ட்யூனர் ஆப் வைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் சரிபார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஸ பச்சை, ப பச்சை, க-வும் பச்சை. முள் நட்டநடுவில் நின்றது.

ஒருநாள் இதைச் சொல்லியே விட்டேன். "டீச்சர், மெஷின்ல சரியா காட்டுதே." அவர் கோபப்படவில்லை. போனை அணைக்கச் சொன்னார். மூலையில் சாய்த்து வைத்திருந்த தம்பூராவை எடுத்து, சுருதி சேர்த்து, மடியில் வைத்து மீட்ட ஆரம்பித்தார். அன்று ஜண்டையும் இல்லை, அதற்குப் பின்னால் வரும் அலங்காரப் பாடமும் இல்லை. "க மட்டும் வாசிங்க. நீளமா. வில்லு முழுசா." வாசித்தேன். "இப்ப நிறுத்திட்டு கேளுங்க. நான் க மீட்டலை. ஆனா க கேக்குதா?"

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ப, ஸ, ஸ, கீழ் ஸ. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, கீழ் ஸ தந்தி அதிர்ந்து அடங்கும் இடத்தில், மேலே எங்கோ மெல்லியதாக ஒரு க, அதாவது காந்தாரம், எழுந்து மறைந்தது. யாரும் மீட்டாத ஸ்வரம். ஒருமுறை பிடிபட்ட பிறகு காதைவிட்டுப் போகவே இல்லை. சுயம்பு காந்தாரம் என்று சொல்வார்கள். ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை ஒலியோடு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே பிறக்கின்றன. அந்த ஐந்தாவதுதான் நாம் கேட்கும் காந்தாரம். தம்பூராவில் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் ஜீவா நூல் சரியாக நின்றால் இந்த மேல் ஒலிகள் பளிச்சென்று கேட்கும்.

"இப்ப அதுமேல உங்க க-வை வைங்க." வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடுக்கம் கேட்டது, வூ வூ என்று. "கொஞ்சம் பின்னால வாங்க... இன்னும் ஒரு மயிரிழை... ம்." நடுக்கம் மெதுவாகி நின்றது. வயலின் திடீரென்று பெரிதான மாதிரி இருந்தது. கையில் இருந்தது அதே பத்தாயிரம் ரூபாய் வயலின்தான், வில்லும் அதே வில்தான்.

இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ட்யூனர் ஆப் கீபோர்டின் கணக்கைப் பின்பற்றுவது. கீபோர்டில் ஸ முதல் மேல் ஸ வரையான ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சமத் துண்டு ஒன்றை 100 பங்கு என்று வைத்தால், கீபோர்டின் அந்தர காந்தாரம், அதாவது இந்த ராகத்தின் க, ஸ-விலிருந்து 400 பங்கில் நிற்கும். தம்பூராவில் பிறக்கும் காந்தாரம் நிற்பது சுமார் 386-இல். வித்தியாசம் 14 பங்கு. ப-வுக்கு இந்த வித்தியாசம் இரண்டே பங்கு, அதனால் அது உறுத்துவதில்லை, க-வுக்குத்தான் உறுத்தும். வயலின் தந்தியில் அதிரும் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. அதில் தம்பூராவோடு சேரும் காந்தாரம் தந்தியின் மேல் முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது ஆறரை செ.மீ.யில் விழுகிறது. ஆப்பின் பச்சை விளக்கு காந்தாரம் அந்த முனையிலிருந்து இன்னும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி. டீச்சரின் புருவம் நெளிந்தது அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு.

அன்றைக்குப் பிறகு வாசிப்பின் மேல் இருந்த சலிப்பு வேறு மாதிரி ஆனது. புதிய பாடம் எதுவும் வரவில்லை. நோட்டில் பக்கம் புரளவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்ததும் தேட ஒன்று இருந்தது. அந்த நடுக்கம் நிற்கும் இடம். சில நாள் முதல் வில்லிலேயே கிடைக்கும், சில நாள் அலையவிடும். மேல் ஸ-வுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு. அதை மூன்றாம் விரலில் ப தந்தியில் சரியாக வைத்தால், தொடாமலே பக்கத்து ஸ தந்தி அதிரும், கண்ணாலேயே பார்க்கலாம். வில்லை எடுத்த பிறகும் அந்த ஒலி ஒரு கணம் நிற்கும். ஒரு மயிரிழை தப்பினால் தந்தி சும்மா இருக்கும், சத்தம் வில்லோடு செத்துவிடும். ம-வுக்கு இப்படி உதவிக்கு வரும் தந்தி இல்லை. அதனால்தான் ம எல்லோருக்கும் கடைசிவரை தொந்தரவு தருகிறது.

வீட்டில் நிஜத் தம்பூரா கிடையாது, போனில்தான் தம்பூரா ஓடுகிறது. போன் ஸ்பீக்கரில் கீழ் ஸ வெறும் கீச்சாக வருவதால் ஒரு சின்ன புளூடூத் பெட்டியில் இணைத்துக்கொண்டேன். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்குப் பயந்து குதிரையில் மாட்டும் ரப்பர் மியூட். வேகத்துக்குப் பயிற்சி செய்யும்போது அது இருக்கட்டும். சுருதி தேடும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும். குதிரையின் அதிர்வை அமுக்கத்தானே அதை மாட்டுகிறோம், அதோடு தந்திகள் ஒன்றையொன்று எழுப்புவதும் அமுங்கிவிடும். பல மாதம் மியூட் போட்டே பழகினால் காதுக்கு வேண்டிய தகவலில் பாதி வந்து சேரவே சேராது.

எல்லாத் தேக்கமும் வாசிப்பவனின் தேக்கம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் கடல் காற்று. தந்தி துருப்பிடிக்கும், துருப்பிடித்த தந்தியில் விரல் வழுக்காது, சுருதியும் நிற்காது. மழைக் காலத்தில் தந்தியை முறுக்கும் பிருடை உப்பி இறுகும், வெயில் காலத்தில் தளர்ந்து வழுக்கும். மலிவு வயலின்களில் தந்தி மேல் முனையில் பலகையிலிருந்து உயரமாக நிற்கும். ரி அந்த முனையிலிருந்து இரண்டே செ.மீ. என்பதால் அதை அமுக்கவே பலம் வேண்டியிருக்கும், இடது கட்டைவிரல் கழுத்தை நெரிக்கும், வேகம் வராது. கட்டைவிரலை ஒரு கணம் எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால், தந்தி உயரமா, கை இறுக்கமா என்று டீச்சரின் வயலினை வாங்கி வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உயரம் என்றால் வயலின் பழுது பார்ப்பவர் சிறிது நேரத்தில் அரைத்துக் கொடுத்துவிடுவார். வலி வந்தால் அது வேறு கதை, அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியோடு வாசித்துத் தேக்கம் தீர்ந்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

வாசிக்கவே பிடிக்காத நாள் இப்போதும் வருகிறது. அப்படிப்பட்ட நாளில் பெட்டியைத் திறந்து, சுருதி சேர்த்து, தம்பூராவைப் போட்டு, க மட்டும் நாலு வில் வாசித்துவிட்டு மூடிவிடுவேன். தாளில் அன்றைக்கு எண் எழுதுவதில்லை, 'க' என்று மட்டும் எழுதுவேன். சில நாள் நாலு வில்லோடு நிற்காமல் போய்விடும். பல நாள் நாலோடு முடிந்துவிடும். இரண்டும் சரிதான்.

ஜண்டை முடிந்து, அலங்காரத்தில் சிலது முடிந்து, இப்போது கீதத்துக்கு வந்திருக்கிறோம். மலஹரி ராகம். இறங்கும்போது ப ம க ரி ஸ என்று வருகிறது, அந்தத் தாண்டலில் விரல் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏறும்போதுதான் புதுத் தலைவலி. மலஹரி ஆரோகணத்தில் காந்தாரமே கிடையாது. ஸ ரி ம. முதல் விரலிலிருந்து இரண்டாம் விரலை விட்டுவிட்டு நேராக மூன்றாம் விரலுக்குப் போக வேண்டும். ஒட்டி நிற்க க இல்லாததால் ம எனக்கு மேலே போய் விழுகிறது. "ண்ணா, இப்ப ஏறுறப்ப மாட்டுது" என்றான் மாடிப் பையன். காலண்டர் தாளில் 'ஸ ரி ம – 48' என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் விரலை ஒலிக்காமல் க இடத்தில் வைத்துக்கொண்டே மூன்றாம் விரலை அதை ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டீச்சர். செவ்வாய்க்கிழமை கிளாஸுக்குள் 56 வந்துவிடும் என்று நினைக்கிறேன்.